மூன்று சொல்லில் வரும் விளம்பரக் கணக்கு

ஐபோனுக்கான விளையாட்டுச் செயலி ஒன்றை விற்கும் நிறுவனம், இன்னொரு செயலிக்குள் விளம்பரம் கொடுக்கிறது. அதைப் பார்த்து ஒருவர் விளையாட்டை இறக்கிக்கொள்கிறார். சில நாள் கழித்து அவரைப் பற்றி நிறுவனத்துக்கு வந்து சேரும் செய்தியின் முக்கியமான வரிகள் இவ்வளவுதான்:

```json
{
  "version": "4.0",
  "source-identifier": "39",
  "postback-sequence-index": 0,
  "coarse-conversion-value": "medium",
  "did-win": true,
  "redownload": false
}
```

இறக்கியவர் யார், எந்த போன், என்றைக்கு இறக்கினார், எவ்வளவு செலவழித்தார் என்று எதுவும் இதில் இல்லை. 39 என்ற எண் விளம்பரத்தைக் குறிக்கிறது. `medium` என்ற சொல், அவர் விளையாட்டில் ஓரளவு ஈடுபட்டார் என்கிறது. விளம்பரத் துறையில் இதற்குப் பெயர் போஸ்ட்பேக். அடுத்த மாதம் எந்த விளம்பரத்தில் பணம் போடுவது, எதை நிறுத்துவது என்ற முடிவை இப்படி வந்து குவியும் போஸ்ட்பேக்குகளை வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

2021 ஏப்ரல் 26 வரை நிலைமை வேறு. ஒவ்வொரு ஐபோனுக்கும் ஒரு விளம்பர அடையாள எண் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, இந்த விளம்பரத்தைத் தட்டிய போன்தான் மூன்றாம் நாள் 400 ரூபாய் செலவழித்தது என்று நேரடியாகக் கணக்கு எழுத முடிந்தது. அன்று வெளிவந்த ஐஓஎஸ் 14.5, பயனரின் அனுமதி இல்லாமல் அந்த எண்ணைத் தொடக்கூடாது என்று ஆக்கிவிட்டது. செயலியைத் திறந்ததும் ‘உங்களைப் பின்தொடர அனுமதிக்கிறீர்களா’ என்று கேட்கும் பெட்டி அப்போது வந்ததுதான். அதன் பாதிப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒரு எண் போதும். 2022இல் தன் வருமானத்தில் சுமார் 1,000 கோடி டாலர் இதனால் குறையலாம் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அந்த ஆண்டு பிப்ரவரியில் முதலீட்டாளர்களிடம் சொன்னது.

பழைய வழிக்கு மாற்றாக ஆப்பிள் வைத்திருப்பது எஸ்கே ஆட் நெட்வொர்க் என்ற ஏற்பாடு. எந்த விளம்பரம் எந்த இறக்கத்துக்குக் காரணம் என்பதை போனே தீர்மானித்து, ஆளை அடையாளம் காட்டாத ஒரு செய்தியை அனுப்பும். அதன் நான்காம் பதிப்பு 2022 அக்டோபரில் ஐஓஎஸ் 16.1 உடன் வந்தது. மேலே பார்த்த செய்தி அந்தப் பதிப்பின் வார்ப்பு.

அதில் வரும் மதிப்பு இரண்டு வகை. ஒன்று நுண்மதிப்பு: 0 முதல் 63 வரை ஓர் எண். மற்றது தோராய மதிப்பு: `low`, `medium`, `high` என்று மூன்றே சொல். மதிப்பெண்ணைச் சொல்லாமல் ‘முதல் வகுப்பு’, ‘இரண்டாம் வகுப்பு’ என்று மட்டும் சொல்வதைப் போன்றது இது. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை ஆப்பிள் நிர்ணயிப்பதில்லை. செயலியை எழுதியவர்களே முன்கூட்டி முடிவுசெய்து வைக்கிறார்கள். பயிற்சிச் சுற்றோடு நிறுத்திவிட்டால் `low`, ஐந்து கட்டம் தாண்டினால் `medium`, ஏதாவது வாங்கினால் `high` என்று ஒரு நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். முன்பே கேட்டு வைக்காத கேள்விக்குப் பின்னால் பதில் கிடைக்காது.

செய்தி மூன்று தவணைகளாக வருகிறது. செயலியை முதலில் திறந்ததிலிருந்து இரண்டு நாள் வரை நடந்தது முதல் தவணை. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை இரண்டாவது. எட்டாம் நாள் முதல் 35ஆம் நாள் வரை மூன்றாவது. நுண்மதிப்பு வரும் வாய்ப்பு முதல் தவணைக்கு மட்டும்தான். மற்ற இரண்டிலும் அந்த மூன்று சொற்களே. தவணை முடிந்தவுடன் செய்தி புறப்படுவதும் இல்லை. முதல் தவணைச் செய்தியை போன் 24 முதல் 48 மணி நேரம் வரை வேண்டுமென்றே வைத்திருந்து அனுப்பும். அடுத்த இரண்டையும் 24 முதல் 144 மணி நேரம் வரை வைத்திருக்கும். உடனுக்குடன் அனுப்பினால், ‘3 மணி 12 நிமிடத்துக்கு ஒருவர் வாங்கினார், அதே நிமிடத்தில் ஒரு போஸ்ட்பேக் வந்தது’ என்று இரண்டையும் சேர்த்து ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும். அதைக் கலைக்கத்தான் இந்தத் தாமதம்.

நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் விளங்கும். ஜூன் 1ஆம் தேதி ஒருவர் செயலியை இறக்கித் திறந்தால், முதல் செய்தி ஜூன் 4 அல்லது 5இல் வரும். இரண்டாவது ஜூன் 9இலிருந்து 14க்குள் வரும். மூன்றாவது செய்திக்கு ஜூலை 7இலிருந்து 12 வரை காத்திருக்க வேண்டும். போன் அணைந்தோ இணையம் இல்லாமலோ கிடந்தால் அதற்கும் மேலே போகும். ஆகவே ஜூன் 5ஆம் தேதி காலையில் திரையில் தெரியும் எண்கள் அன்றைய எண்கள் அல்ல. அவை மூன்று நான்கு நாளுக்கு முன் இறக்கியவர்களுடையவை. நேற்று விளம்பரத் தொகையை ஏற்றினேன், இன்று `high` கூடியிருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்க வழியில்லை.

இந்தத் தாமதத்துக்குள் இன்னொரு பொறியும் இருக்கிறது. தவணை முடியும்வரை காத்திராமல், செயலி தானே அதை முன்கூட்டி மூடலாம். அதற்கான கட்டளையில் `lockWindow` என்று ஒரு தெரிவு உண்டு. மூடிய நேரத்திலிருந்தே அந்த 24–48 மணி நேரக் கணக்கு தொடங்கிவிடும். செய்தி சீக்கிரம் கிடைக்குமே என்று பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஒருவர் பொருள் வாங்கியதும் தவணையை மூடு என்று எழுதி வைத்தால் என்ன ஆகும்? வாங்கியவர்களின் செய்தி முதலில் வந்துவிடும். வாங்காதவர்களின் செய்தி இரண்டு நாள் முழுவதும் கழிந்த பிறகே கிளம்பும். புதிய விளம்பரம் தொடங்கிய இரண்டாம் மூன்றாம் நாளில் வருவதெல்லாம் `high` ஆகத் தெரியும். நிறுவனம் மகிழ்ந்து தொகையை இரட்டிப்பாக்கும். அடுத்த சில நாளில் `low` மழையாகக் கொட்டும். விளம்பரம் திடீரென்று மோசமாகிவிட்டது என்று நினைப்பார்கள். அதில் எதுவும் மாறியிருக்காது, வந்து சேரும் வரிசைதான் அப்படி.

பழைய பதிப்புகளில் இது நேர்மாறாக இருந்தது. அப்போது மதிப்பு உயர்ந்துகொண்டே போனால் 24 மணி நேரக் கடிகாரம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். ஆர்வமாக விளையாடுகிறவர்களின் செய்தி தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்; ஒரு முறை திறந்து மூடியவர்களின் செய்தி முதலில் வரும். நல்ல விளம்பரம் தொடக்கத்தில் மட்டமாகத் தெரிந்தது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மூடுவதாக இருந்தால் வாங்கியவர், வாங்காதவர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், உதாரணமாக 24ஆம் மணி நேரத்தில், மூட வேண்டும். இல்லையென்றால் மூடவே கூடாது.

இனி இந்த ஏற்பாட்டில் அதிகம் பேரை வழுக்கிவிடும் இடத்துக்கு வரலாம். வரும் செய்திகளில் கணிசமானவற்றில் மதிப்பே இருக்காது. கணக்குத் திரையில் அது `null` என்று தெரியும். ஒரு சின்ன செயலியில் காட்டிய விளம்பரத்தைப் பார்த்து இரண்டே பேர் இறக்கியிருந்தால், அவர்களுடைய மதிப்பைச் சொல்வது அவர்களையே காட்டிக்கொடுப்பதற்குச் சமம். அதனால் கூட்டம் போதாத இடத்தில் ஆப்பிள் மதிப்பை மறைத்துவிடுகிறது. கூட்டத்தின் அளவுக்கேற்ப 0 முதல் 3 வரை படிகள் வைத்திருக்கிறது. கீழ்ப்படியான 0இல் இரண்டு இலக்க விளம்பர எண் மட்டும் வரும். மதிப்பு வராது, இரண்டாம் மூன்றாம் தவணைகளும் கிடையாது. அடுத்த படியில் மூன்று சொற்களில் ஒன்று வரும். அதற்கு மேலே போனால்தான் 0–63 எண். எத்தனை பேர் சேர்ந்தால் எந்தப் படி என்பதை ஆப்பிள் வெளியிடுவதில்லை.

ஆக, `null` என்பது அந்த ஆள் ஒன்றும் வாங்கவில்லை என்ற தகவல் அல்ல. அவரைப் பற்றிச் சொல்லப்படவில்லை என்பது மட்டுமே. நுண்மதிப்பில் 0 என்று வந்தால் அது ஒரு பதில். `null` என்றால் பதில் இல்லை. ஆனால் எக்ஸெல் தாளில் காலிக் கட்டங்களை 0 என்று நிரப்பிக் கூட்டிவிட்டால் இரண்டும் கலந்துவிடும். இரண்டாம் தவணை வராததைப் பார்த்து, ஆட்கள் விளையாட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்று எழுதும் அறிக்கைகளிலும் இதே கோளாறுதான்.

இதனால் முடிவே தலைகீழாக மாறும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு விளையாட்டு நிறுவனம் ஜூன் 1 முதல் 7 வரை ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு விளம்பரங்களை ஓட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் செலவு 2 லட்சம் ரூபாய். ஒவ்வொன்றும் 1,000 பேரைக் கொண்டுவந்தது. ஜூன் 7ஆம் தேதி இரவு இறக்கியவரின் முதல் செய்திகூட 11ஆம் தேதி முடிவதற்குள் வந்துவிடும் என்பதால், 12ஆம் தேதி காலையில் கணக்கை எடுக்கிறார்கள். `high` என்றால் முதல் இரண்டு நாளில் ஏதாவது வாங்கியவர்.

‘அ’வுக்கு வந்த 1,000 செய்திகளில் 600 `null`, மீதியில் `low` 280, `medium` 100, `high` 20. ‘ஆ’வில் 100 மட்டுமே `null`, `low` 700, `medium` 170, `high` 30.

மேலோட்டமாகப் பார்த்தால் ‘ஆ’ வென்றுவிட்டது. வாங்கிய ஒருவரைக் கொண்டுவர ‘அ’வில் 10,000 ரூபாய், ‘ஆ’வில் சுமார் 6,700 ரூபாய். ‘அ’வை நிறுத்து என்றுதான் அந்தத் தாளைப் பார்க்கும் யாரும் சொல்வார்கள். ஆனால் மதிப்பு தெரிந்தவர்களை மட்டும் எடுத்தால், ‘அ’வில் 400 பேரில் 20 பேர், அதாவது 5 சதவீதம். ‘ஆ’வில் 900 பேரில் 30 பேர், 3.3 சதவீதம். மறைந்திருப்பவர்களும் தெரிந்தவர்களைப் போலவே நடந்திருந்தால் ‘அ’ உண்மையில் 50 பேரையும் ‘ஆ’ 33 பேரையும் கொண்டுவந்திருக்கும். அப்போது ஒருவருக்கான செலவு 4,000 ரூபாய்க்கு எதிராக 6,000 ரூபாய்.

மறைந்திருப்பவர்கள் தெரிந்தவர்களைப் போலத்தான் நடந்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? போஸ்ட்பேக்கில் ஆதாரம் இல்லை. ஆனால் நிறுவனத்தின் சொந்த சர்வரில் இருக்கிறது. யார் எந்த விளம்பரத்தால் வந்தார் என்று அதற்குத் தெரியாதே தவிர, அந்த வாரம் ஐபோனில் புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டு நாளுக்குள் வாங்கினார்கள் என்பது துல்லியமாகத் தெரியும். அந்த எண் 110 என்று வைத்துக்கொள்வோம். விளம்பரமே இல்லாத வாரங்களில் அது 25க்கும் 35க்கும் இடையில் இருந்திருக்கிறது. ஆக, விளம்பரத்தால் வந்து வாங்கியவர்கள் 75 முதல் 85 பேர். போஸ்ட்பேக்கில் வெளிப்படையாகத் தெரிவது 20ம் 30ம் சேர்ந்து 50. மீதி 25 முதல் 35 பேர் அந்த 700 `null`களுக்குள் ஒளிந்திருக்கிறார்கள். தெரிந்தவர்களின் விகிதத்தை வைத்து நாம் எதிர்பார்த்தது 33. கணக்கு பொருந்துகிறது.

அந்த 30 பேரும் ‘ஆ’வின் பக்கம் இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். ‘ஆ’வில் மறைந்திருப்பவர்கள் மொத்தமே 100 பேர். அவர்களில் 30 பேர் வாங்கியிருக்க வேண்டுமென்றால், தெரிந்தவர்களைப் போல ஒன்பது மடங்கு வாங்கியிருக்க வேண்டும். அதை நம்ப இடமில்லை. பெரும்பங்கு ‘அ’வினுடையதுதான். நிறுத்தச் சொல்லப்பட்ட விளம்பரம் உண்மையில் மலிவானது.

இந்தச் சரிபார்ப்பு எப்போதும் இவ்வளவு சுத்தமாகப் பொருந்தாது. அதே வாரத்தில் பண்டிகையோ விலைக்குறைப்போ இருந்தால், விளம்பரம் இல்லாமலே வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறிவிடும். 25–35 என்ற அடிப்படை ஆட்டம் கண்டுவிடும். அப்போது ஒரே வழி, விளம்பரத்தைச் சில வாரம் நிறுத்திவைத்து, அல்லது ஒரு நாட்டில் மட்டும் நிறுத்தி, சர்வரின் மொத்த எண் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. செலவு பிடித்த சோதனைதான். பெரிய தொகை கைமாறும் முடிவுகளுக்கு அதைச் செய்தே ஆக வேண்டும்.

‘அ’வில் மட்டும் ஏன் இவ்வளவு `null`? பெரும்பாலும் விளம்பரம் கொடுப்பவர்களே தேடிக்கொள்வது அது. பழைய பழக்கத்தில், ஒரே விளம்பரத்தை ஊர்வாரியாக, படவாரியாக இருபது துண்டுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுப்பார்கள். துண்டுக்கு 50 பேர் என்றால் கூட்டம் சேராது, மதிப்பு வராது. நான்காம் பதிப்பில் விளம்பர எண் நான்கு இலக்கம் வரை நீளலாம். கூட்டம் குறைந்தால் இரண்டு இலக்கம் மட்டும் தெரியும், கூடினால் மூன்றும் நான்கும் தெரியும். ஆகவே கட்டாயம் தெரிய வேண்டிய விஷயத்தை முதலில் வெளிப்படும் அந்த இரண்டு இலக்கத்திலும், தெரிந்தால் நல்லது என்ற அளவில் இருப்பவற்றை மற்ற இரண்டிலும் வைக்க வேண்டும். துண்டுகளைக் குறைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இனிப் பணக் கணக்கு. 500 ரூபாய்க்கு மேல் செலவழித்தால் `high` என்று வைத்திருக்கும் ஒரு செயலியில், 600 ரூபாய் கொடுத்தவருக்கும் 9,600 ரூபாய் கொடுத்தவருக்கும் ஒரே சொல்தான். அதை ரூபாயாக மாற்ற, நிறுவனம் தன் பழைய பதிவுகளிலிருந்து `high` ஆட்களின் சராசரியை எடுக்கும். பத்துப் பேரில் ஒன்பது பேர் 600 ரூபாயும் ஒருவர் 9,600 ரூபாயும் கொடுத்திருந்தால் சராசரி 1,500 ரூபாய். அந்தத் தொகையை உண்மையில் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் வரும்போது இந்தச் சராசரி மொத்தத்தில் சரியாக வரும். 20 `high` மட்டும் உள்ள ஒரு வாரத்தில், பெரிய செலவாளி ஒருவர் வந்தாரா இல்லையா என்பதே வருமானத்தைப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆக்கிவிடும். விளையாட்டுத் தொழிலில் வருமானத்தின் பெரும்பங்கு மிகச் சிலரிடமிருந்து வருவதால் இந்த ஆபத்து கூடுதல். சிறிய விளம்பரங்களுக்கு நாள்வாரியான வருமான அட்டவணை போடுவது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும் வேலை. மாதக் கணக்காகப் பார்ப்பதே நியாயம்.

எல்லைகளை எங்கே வைப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. நூற்றில் 97 பேர் `low` இல் விழும்படி எல்லை வைத்தால் வரும் செய்தி எதையும் பிரித்துக் காட்டாது. வாங்கியவர் மிகக் குறைவு என்றால், வாங்குவதற்கு முன் நடக்கும் ஒன்றை, உதாரணமாக இரண்டாம் நாள் திரும்பி வந்து விளையாடுவதை, `medium` ஆக்குவது பயன் தரும். ஆனால் அந்தச் செயலுக்கும் பின்னாளைய செலவுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா என்று சொந்தப் பதிவுகளில் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லையை மாற்றினால் ஏற்படும் குழப்பம் தனி. நேற்றுவரை `medium` என்றால் ஐந்து கட்டம். இன்று முதல் மறுநாள் வருகை. வரும் போஸ்ட்பேக்கில் எந்த விதிப்படி அது எழுதப்பட்டது என்ற குறிப்பு கிடையாது. மாற்றிய நாளுக்குப் பிறகும் பழைய விதிப்படியான செய்திகள் வந்துகொண்டே இருக்கும்: முதல் தவணையில் நான்கு நாள், மூன்றாம் தவணையில் 41 நாள் வரை. விதி செயலிக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால், செயலியைப் புதுப்பிக்காதவர்கள் அதற்குப் பிறகும் பழைய விதிப்படியே மதிப்பு எழுதுவார்கள். வரைபடத்தில் ஒரு நாள் திடீரென்று `medium` எகிறியிருந்தால், விளம்பரத்தைப் பாராட்டுவதற்கு முன் அந்த வாரத்தில் யாராவது எல்லையை மாற்றினார்களா என்று கேட்க வேண்டும்.

சின்ன விஷயமாகத் தோன்றி எண்ணிக்கையையே வீங்க வைக்கும் இரண்டு வரிகளும் செய்தியில் உண்டு. `did-win` என்பதில் `false` இருந்தால், அந்த இறக்கம் வேறொரு விளம்பர வலையத்தின் கணக்கில் சேர்ந்தது; போட்டியில் தோற்றவருக்கும் அறிவிப்பு போகிறது, அவ்வளவே. அதையும் கூட்டினால் ஒரே ஆள் பல பேராக எண்ணப்படுவார். `redownload` என்பதில் `true` இருந்தால், அவர் முன்பே செயலியை வைத்திருந்து நீக்கியவர். புதியவர்களின் கணக்கில் அவரைச் சேர்க்கக்கூடாது.

ஆகவே இந்த விளம்பரங்களின் அறிக்கையைக் கையில் வாங்குகிறவர்கள் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெற வேண்டும்: எத்தனை செய்திக்கு மதிப்பு வந்தது, எத்தனை `null`, இன்னும் எத்தனை நாளுக்குச் செய்தி வர வேண்டியிருக்கிறது. இவை இல்லாமல் சதவீதம் மட்டும் காட்டும் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஆப்பிள் 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4 உடன், ஆட் அட்ரிப்யூஷன் கிட் என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதிலும் அதே மூன்று தவணைகளும், அதே மூன்று சொற்களும், கூட்டம் போதாதபோது மறையும் மதிப்பும் அப்படியே இருக்கின்றன.